உடைந்திருந்த கண்ணாடியும் மூன்று கடிகாரங்களும்: ஒரு சம்பவ அறிக்கை எழுதிய அனுபவம்

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் இருபத்தெட்டு அறைகள் கொண்ட ஒரு விடுதியில், தனியார் காவல் நிறுவனம் ஒன்றின் சார்பாகப் பாதுகாப்பு மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். சனிக்கிழமை இரவுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவர்களால் அறைகள் நிரம்பிவிடும். அவர்களுக்குள் எப்போதாவது வாய்ச்சண்டை வரும், அபூர்வமாகக் கைகலப்பும் நடக்கும். விலக்கிவிடுவதற்கு எங்களுக்குப் பயிற்சி உண்டு. தீயணைப்பானை இயக்கவும் வாயில் பதிவேட்டை நிரப்பவும்கூடக் கற்றுத் தந்திருக்கிறார்கள். சண்டை முடிந்த பிறகு எழுத வேண்டிய சம்பவ அறிக்கையைப் பற்றி மட்டும் படிவத்தின் தலைப்பில் ஒரு வரி அச்சிட்டிருப்பதோடு சரி: ‘நடந்ததை நடந்தபடி, வரிசையாக, சொந்தக் கருத்தின்றி எழுதவும்.’ அந்த ஒரு வரியை உண்மையிலேயே கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதும், கடைப்பிடித்தால் யார் யாருக்கெல்லாம் கோபம் வரும் என்பதும், ஒரு நீண்ட விடுமுறை வார இறுதியில் நடந்த தகராறுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் என் சம்பளத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

அன்று நான் முத்தியால்பேட்டையில் எங்கள் நிறுவனத்தின் வேறொரு காவல் இடத்தில் இருந்தேன். நள்ளிரவு 12.55-க்கு விடுதியின் வரவேற்பாளர் கைப்பேசியில் அழைத்து, இரண்டாம் மாடியில் லிஃப்ட் அருகே விருந்தினர்களுக்குள் அடிதடி நடந்துவிட்டது என்றும் ஒருவருக்கு இரத்தம் வருகிறது என்றும் சொன்னார். 112-ஐ அழைக்குமாறு கூறிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் விடுதிக்குள் நுழைந்தபோது மணி 1.12. காயமடைந்த இளைஞரை அவருடைய நண்பர் ஒருவர் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுவிட்டிருந்தார். இரண்டாம் மாடியில் தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் கண்ணாடித் துண்டுகள் தரையில் கிடந்தன. சிறிது நேரத்தில் சிவப்புத் தொப்பிக் காவலர்கள் இருவர் வந்து இரு தரப்பிடமும் பேசிவிட்டு, காலையில் நிலையத்துக்கு வருமாறு சொல்லிச் சென்றார்கள். ஆக, சண்டையில் ஒரு நொடியைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை. அறிக்கை எழுத வேண்டியவன் மட்டும் நான்தான்.

நான் வருவதற்குள் எங்கள் இரவுக் காவலர் சம்பவப் பதிவேட்டில் ஆறு வரி எழுதி முடித்திருந்தார். அவர் என்னைவிட வயதில் மூத்தவர். இரு தரப்புக்கும் நடுவே வெறுங்கையோடு போய் நின்று சண்டையை நிறுத்தியவரும் அவர்தான். அவர் எழுதியிருந்தது இது: ‘இரவு 12.45-க்கு 207-ல் தங்கியிருந்த பையன்கள் நல்ல போதையில் பாட்டுப் போட்டு அட்டகாசம் செய்தார்கள். 204 சார் தட்டிக் கேட்டதற்கு வம்புக்கு வந்தார்கள். சார் ஒதுங்கிப் போயும் விடவில்லை. அதில் ஒருவன் நிலை தடுமாறித் தானாகவே கண்ணாடியில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டான். சாரின் செல்போனையும் உடைத்துவிட்டான். நான் ஓடிப்போய் தடுத்தேன்.’ படித்தவுடன் ஒரு முழுக் காட்சி மனத்தில் வந்து நிற்கிறது. சிக்கலே அதுதான். “அண்ணே, நீங்கள் மாடிக்குப் போனபோது அவர் விழுந்துகொண்டிருந்தாரா, விழுந்து முடிந்திருந்ததா?” என்று கேட்டேன். “கண்ணாடிச் சத்தம் கேட்டுத்தான் சார் ஏறினேன்” என்றார். அப்படியென்றால் அந்த ஆறு வரிகளில் கடைசி வரி ஒன்றுதான் அவர் நேரில் அறிந்தது. மற்றவையெல்லாம் 204-ஆம் அறைக்காரர் அவரிடம் மூச்சு வாங்கச் சொன்னவை.

அவர் வேண்டுமென்றே ஒருபக்கம் சாயவில்லை என்பது எனக்குத் தெரியும். 204-இல் தங்கியிருந்தவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குடும்பத்தோடு வருபவர். காவலரின் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர். 207-இல் இருந்த நான்கு இளைஞர்களும் பெங்களூரிலிருந்து முதல் முறையாக வந்தவர்கள், அவர்களில் இருவருக்குத் தமிழ் தெரியாது. சாய்வு எங்கே தெரிகிறது என்று பார்த்தால், ‘அட்டகாசம்’, ‘வம்பு’ போன்ற சொற்களுக்கு முன்பே மரியாதை விகுதியில் தெரிந்துவிடுகிறது. ஒருவர் ‘சார்’, மற்றவர் ‘அவன்’. நம் மொழியில் யாரையாவது குறிப்பிட்டாலே அவர்மீது நமக்கு இருக்கும் எண்ணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அதனால் நான் முதலில் செய்தது, எல்லோருக்கும் ஒரே மரியாதையும் ஒரே வகைப் பெயரும் கொடுத்ததுதான். அறை எண்ணோடு ஓர் எழுத்து: 204-அ கணவர், 204-ஆ மனைவி, 204-இ கணவரின் தம்பி, 207-அ முதல் 207-ஈ வரை நான்கு இளைஞர்கள். காயமடைந்தவர் 207-ஆ. முழுப் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் தனித் தாளில் இணைப்பாகப் போயின. அறிக்கையின் உடலில் எல்லோரும் ‘அவர்’, எல்லோருக்கும் ‘ஆர்’ விகுதி. ‘பாதிக்கப்பட்டவர்’, ‘குற்றம் செய்தவர்’, ‘எதிர்த்தரப்பு’ ஆகிய சொற்களையும் தவிர்த்தேன், ஏனென்றால் யார் பாதிக்கப்பட்டவர் என்பதுதான் பிறகு முடிவாக வேண்டிய கேள்வி.

காவலர் எழுதிய பக்கத்தை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. வரவேற்பாளர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு நல்லபடியாக எழுதலாம் என்று யோசனை சொன்னார். பக்க எண் அச்சிட்ட பதிவேட்டில் ஒரு தாள் இல்லாமல் போனால், அதில் என்ன இருந்திருக்கும் என்று ஆளாளுக்கு ஒரு கதை உருவாகும். அந்த ஆறு வரிகளை அப்படியே விட்டுவிட்டு, அவற்றின் கீழே, ‘மேற்கண்டவற்றில் கடைசி வரி மட்டும் நான் நேரில் செய்தது, மற்றவை 204-அ என்னிடம் கூறியவை’ என்று காவலரையே எழுதச் சொல்லி, நேரமும் கையொப்பமும் போட வைத்தேன். என் அறிக்கை தனித் தாளில், அந்தப் பதிவைக் குறிப்பிட்டே தொடங்கியது. எழுதியதில் திருத்தம் வேண்டுமானால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, அடித்தது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் நேரமும் போடுவதுதான் முறை. வெள்ளை மை தடவிய ஓர் அறிக்கையை எந்த வழக்கறிஞரும் முதலில் வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்ப்பார்.

பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். வரவேற்பறை சோபாவில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் முதலில் பேசுபவரின் கதை மற்ற எல்லோரின் நினைவாகவும் மாறிவிடும். 204-க்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுசென்ற ரூம் பாய் நடைபாதையில் நின்றிருந்தார். அவர்தான் மிக முக்கியமான சாட்சி, ஆனால் அதுவரை யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. “என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டேன். “204 தள்ளினாரா?” என்று கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பார். அவர் தம் வாயால் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்கினேன். நடைபாதையில் அவர் காட்டிய இடத்தில் நின்றும் பார்த்தேன்; அங்கிருந்து லிஃப்ட் முன்புறம் முழுவதும் தெரிகிறது, குழாய்ப் பெட்டியின் கீழ்ப் பாதி மட்டும் தூணில் மறைகிறது. இதுவும் அறிக்கையில் வந்தது. சாட்சி எங்கே நின்றார், அங்கிருந்து என்ன தெரியும், எவ்வளவு தூரம், விளக்கு எரிந்ததா என்பவை இல்லாமல் ‘பார்த்தார்’ என்று எழுதுவதில் பயனில்லை. கன்னடம் மட்டும் பேசிய 207-இ சொன்னதை, அவருடைய நண்பர் 207-அ மொழிபெயர்த்தார் என்பதையும் எழுதினேன். மொழிபெயர்த்தவர் அதே தரப்பைச் சேர்ந்தவர் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது அவர்கள் முடிவு.

இனி கடிகாரங்களுக்கு வருகிறேன். இந்த ஒரு விஷயம்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. காவலர் எழுதிய 12.45, வரவேற்பறைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது. இரண்டாம் மாடிக் கேமராவின் பதிவில் முதல் தள்ளல் நடக்கும்போது திரையில் தெரியும் நேரம் 12.59. வரவேற்பாளரின் கைப்பேசி அழைப்புப் பட்டியலில் 112-க்குப் பேசிய நேரம் 12.58. மூன்றையும் அப்படியே வரிசைப்படுத்தினால், சண்டை தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்பே போலீசை அழைத்ததாக ஆகிறது. கைப்பேசி தன் நேரத்தை வலைப்பின்னலிலிருந்து தானாகவே சரிசெய்துகொள்ளும். சுவர்க் கடிகாரமும், கேமரா பதிவுகளைச் சேமிக்கும், இணையத்தோடு இணைக்கப்படாத டிவிஆர் பெட்டியும் தம் போக்கில் ஓடுகின்றன. எனவே அதிகாலையில் டிவிஆர் திரைக்குப் பக்கத்தில் என் கைப்பேசியை வைத்து, இரண்டு நேரமும் ஒரே படத்தில் தெரியும்படி இன்னொருவரின் கைப்பேசியால் படம் எடுத்தேன். கைப்பேசியில் 3.32, டிவிஆரில் 3.41. ஒன்பது நிமிடம் வேகம். சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் தாமதம். அறிக்கையின் முதல் பத்தியிலேயே, ‘இதில் உள்ள நேரங்கள் அனைத்தும் கைப்பேசி நேரம், டிவிஆர் நேரத்திலிருந்து ஒன்பது நிமிடம் கழித்தும், சுவர்க் கடிகார நேரத்தோடு ஐந்து நிமிடம் கூட்டியும் தரப்பட்டுள்ளன, ஒப்பீட்டுப் படம் இணைப்பு 3’ என்று எழுதினேன். டிவிஆரின் கடிகாரத்தைத் திருத்த வேண்டும் என்று கை பரபரத்தாலும் அப்போது தொடவில்லை. பதிவை நகலெடுத்து ஒப்படைக்கும் முன் திருத்தியிருந்தால், ஒன்பது நிமிட வித்தியாசம் இருந்ததை நிரூபிக்க என் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

நேரம் தெளிவானதும் வரிசை தானாக வந்தது. எங்கிருந்து தொடங்குவது என்பதில் மட்டும் சற்று யோசித்தேன். கண்ணாடி உடைந்ததிலிருந்து தொடங்கினால் 204-அ குற்றவாளியாகத் தெரிவார்; பாட்டுச் சத்தத்திலிருந்து தொடங்கினால் 207 வம்புக்காரர்களாகத் தெரிவார்கள். எனவே எது காரணம் என்று நானே நினைத்து ஒரு தொடக்கத்தைத் தேர்ந்தெடுக்காமல், எழுத்தில் பதிவான மிக முந்தைய நிகழ்விலிருந்து தொடங்கினேன். அறிக்கையின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

‘நள்ளிரவு 12.31: அறை 204-இலிருந்து வரவேற்பு மேசைக்கு அழைப்பு வந்தது (அழைப்புப் பதிவேடு). அறை 207-இல் பாட்டுச் சத்தம் அதிகமாக உள்ளதாக 204-அ கூறினார் என்று வரவேற்பாளர் தெரிவித்தார். 12.34: வரவேற்பாளர் அறை 207-ஐ அழைத்து ஒலியைக் குறைக்கக் கேட்டுக்கொண்டார் (அழைப்புப் பதிவேடு). ஒலி குறைக்கப்பட்டதாக 207-அ கூறுகிறார். குறையவில்லை என்று 204-அ கூறுகிறார். ஊழியர் எவரும் அந்நேரத்தில் இரண்டாம் மாடியில் இல்லை. 12.48: 204-அ, 204-இ ஆகியோர் 207-இன் கதவைத் தட்டினர் (கேமரா 4). 207-அ, 207-ஆ வெளியே வந்தனர். நால்வரும் லிஃப்ட் முன்புறம் நின்று பேசினர். கேமரா 4-இல் ஒலிப்பதிவு இல்லை. 12.50: 204-அ தம் வலது உள்ளங்கையை 207-ஆ-வின் மார்பில் வைத்தார்; 207-ஆ பின்னோக்கி நகர்ந்து தூணின் மறைவுக்குள் சென்றார் (கேமரா 4). தூணுக்கு அப்பால் நடந்தது பதிவில் தெரியவில்லை. நான்கு நொடிகளுக்குப் பின் தரையில் கண்ணாடித் துண்டுகள் தெரிகின்றன. 207-அ தம் கையை 204-அ-வின் கையை நோக்கி வீசினார். 204-அ-வின் கைப்பேசி தரையில் விழுந்தது (கேமரா 4). 12.52: காவலர் படிக்கட்டு வழியாக வந்து இரு தரப்புக்கும் நடுவே நின்றார் (கேமரா 4).’

அடைப்புக்குறிக்குள் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் எழுதியது எனக்கே முதலில் அதிகப்படியாகத் தோன்றியது. எழுத எழுதத்தான் அதன் பயன் தெரிந்தது. அடைப்புக்குறிக்குள் போட எதுவும் கிடைக்காத வரி என்றால், அது என் ஊகம். ‘204-அ கோபத்துடன் வெளியே வந்தார்’ என்று முதலில் ஒரு வரி எழுதியிருந்தேன். கேமரா நான்கு என்று போடலாமா என்று பார்த்தால் அதில் கோபம் தெரியவில்லை, வேகமாக நடப்பது மட்டும் தெரிகிறது. அந்தச் சொல் போய்விட்டது. ‘தள்ளினார்’ என்பதும் அப்படித்தான் போயிற்று. ரூம் பாய் ‘தள்ளினார்’ என்று சொன்னதால் அவருடைய வாக்குமூலத்தில் அந்தச் சொல் இருக்கிறது. என் விவரிப்பில் கை எங்கே பட்டது, அடுத்தவர் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பது மட்டும் இருக்கிறது. கண்ணாடி விஷயத்தில் ‘உடைத்தார்’ என்றால் ஓர் ஆளைச் சுட்டுகிறது, ‘உடைந்தது’ என்றால் அந்தக் கணத்தை யாரோ பார்த்ததாகப் பொருள்படுகிறது. நானும் காவலரும் பார்த்தது அதற்குப் பிந்தைய நிலையை. எனவே ‘உடைந்திருந்தது’ என்று எழுதினேன்.

காயத்தைப் பற்றியும் அதே கவனம் தேவைப்பட்டது. 207-ஆ மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது இடது புருவத்துக்கு மேல் கட்டுப் போடப்பட்டிருந்தது. அது நான் பார்த்தது. மூன்று தையல் போட்டார்கள் என்பது அவர் சொன்னது. கண்ணாடியால் ஏற்பட்ட காயமா, பெட்டியின் இரும்பு விளிம்பால் ஏற்பட்டதா என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. அது மருத்துவமனையின் விபத்துப் பதிவில் இருக்கும். இந்த மூன்றையும் மூன்று தனி வாக்கியங்களாக எழுதினேன். ‘கண்ணாடி குத்தி மூன்று தையல்’ என்று ஒரே மூச்சில் எழுதுவது எவ்வளவு எளிது என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

மதுவைப் பற்றி எழுதும்போதுதான் மிகவும் தடுமாறினேன். ‘போதையில் இருந்தார்’ என்பது ஒரு முடிவு. இரத்தப் பரிசோதனை இல்லாமல் அதை எழுத எனக்குத் தகுதியில்லை. அதற்குப் பதிலாக, ஒரு கை நீள தூரத்தில் பேசியபோது மது வாடை வந்தது, பேசும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பனவற்றை எழுதலாம். 207-அ-வைப் பற்றி இப்படி எழுதி முடித்தபோது, 204-அ-விடமும் 204-இ-விடமும் பேசியபோதும் அதே வாடை வந்தது நினைவுக்கு வந்தது. புதுச்சேரிக்கு விடுமுறைக்கு வந்தவர்கள், இரு தரப்பும் குடித்திருந்ததில் வியப்பில்லை. ஒரு தரப்பைப் பற்றி மட்டும் அதை எழுதினால், ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தாலும் அறிக்கை ஒருபக்கமாக ஆகிவிடும். அன்று முதல் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: ஒருவரைப் பற்றி ஒரு விவரம் எழுதினால், அதே விவரம் மற்றவருக்கு என்ன என்று கேட்டு அதையும் எழுதுவது. வாடை, உடை கிழிந்திருந்ததா, கையில் என்ன வைத்திருந்தார், என்ன சொற்களைச் சொன்னார் எல்லாமே அப்படித்தான். கெட்ட வார்த்தைகளையும் ‘தகாத சொற்களால் திட்டினார்’ என்று மூடி எழுதாமல், சாட்சி எந்தச் சொல்லைக் கேட்டதாகச் சொன்னாரோ அதையே மேற்கோள் குறிக்குள் எழுதினேன். எழுதக் கை கூசியது. ஆனால் எந்தச் சொல் மிரட்டல், எந்தச் சொல் வெறும் வசை என்பதை முடிவு செய்பவருக்கு அசல் சொல் வேண்டும்.

மறுநாள் காலையில் அறிக்கையைப் படித்த விடுதி நிர்வாகி மேசையில் போட்டுவிட்டு, “யார் கண்ணாடியை உடைத்தது என்றே இதில் இல்லையே தம்பி” என்றார். 207-இன் முன்பணத்திலிருந்து கண்ணாடிக்குப் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு வரி தேவைப்பட்டது. காவலரின் ஆறு வரியில் அது தயாராக இருந்தது. என் இரண்டு பக்கத்தில் இல்லை. என் நிறுவனத்திலிருந்தும் தொலைபேசி வந்தது. காவலர் உடனே வந்தார் என்று எழுதச் சொன்னார்கள். ‘உடனே’ என்பதற்குப் பதிலாக 12.50, 12.52 என்ற இரண்டு நேரங்கள் ஏற்கெனவே இருப்பதைச் சொன்னேன், திருப்தியடையவில்லை. 204-அ தமக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டார், 207-அ கேமரா பதிவைத் தம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: காவல் நிலையம் எழுத்து மூலம் கேட்டால் கொடுப்போம். யாருக்கும் நான் நல்லவனாகத் தெரியவில்லை. நிர்வாகி கடைசியில் என் அறிக்கையை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கான 4,200 ரூபாயை எங்கள் நிறுவனத்தின் மாதப் பில்லில் கழித்தார். நிறுவனம் அதை என் சம்பளத்தில் இரண்டு தவணையாகப் பிடித்தது. நிலையத்துக்கு அலைந்த நாட்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு. கடலூரிலிருந்து பேருந்தில் வந்துபோகும் எனக்கு அந்த மாதம் வாடகை கொடுக்க மனைவியின் சீட்டுப் பணத்தைக் கேட்க வேண்டியிருந்தது. அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

கேமரா பதிவை நகலெடுக்கும் வேலையை நான் அன்று காலையே முடித்திருந்தேன். எங்கள் டிவிஆரில் வன்தட்டு நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். அந்தப் பெட்டியில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் எதுவும் தங்காது. காவல் நிலையத்திலிருந்து கடிதம் வரும்வரை காத்திருந்தால் கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது. சண்டைக்கு முன் அரை மணி, பின் அரை மணி சேர்த்து, வரவேற்பறை, படிக்கட்டு, இரண்டாம் மாடி ஆகிய மூன்று கேமராக்களின் பதிவையும் எடுத்தேன். சண்டை நடந்த இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் வெட்டியது ஏன் என்ற கேள்வி வரும். 2024 ஜூலை 1 முதல், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023 நடைமுறையில் இருக்கிறது. அதன் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் கொடுக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதிகள்: ஒன்று பதிவைக் கொடுப்பவர் நிரப்புவது, மற்றொன்று வல்லுநர் நிரப்புவது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். கோப்பில் ஓர் எழுத்தளவு மாறினாலும் அந்த மதிப்பு முழுதும் மாறிவிடும் என்பதால், நாம் கொடுத்ததும் அவர்களிடம் இருப்பதும் ஒன்றுதானா என்று பிறகு சரிபார்க்கலாம். விண்டோஸ் கணினியில் இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை:

```
certutil -hashfile D:\CAM04.avi SHA256
```

வருகிற அறுபத்து நான்கு எழுத்து எண்களை நகலெடுத்த உடனே அறிக்கையின் இணைப்பில் எழுதிவைத்தேன். பென் டிரைவை உறையிலிட்டு, மேலே நானும் வரவேற்பாளரும் கையொப்பமிட்டு, நிலையத்தில் ஒப்படைத்தபோது யாரிடம், எத்தனை மணிக்கு என்று ஒப்புகை வாங்கினேன்.

நிலையத்தில் இரு தரப்பும் ஒருவர்மீது ஒருவர் புகார் கொடுத்திருந்தார்கள். 207-ஆ தரப்பில் ஒரு வழக்கறிஞரும் வந்திருந்தார். விசாரித்த உதவி ஆய்வாளர் கேமரா பதிவை ஓட்டிப் பார்த்துவிட்டு, “சண்டை 12.59-ன்னு காட்டுது. நீங்க 12.58-க்கே 112-க்குப் போன் போட்டிருக்கீங்க. எப்படிப்பா?” என்று கேட்டார். வழக்கறிஞரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். விடுதியே திட்டமிட்டு 204-க்காக ஏற்பாடு செய்த மாதிரி இருக்கிறது என்றார். முதல் பத்தியையும் மூன்றாம் இணைப்பையும் காட்டினேன். கைப்பேசியும் டிவிஆரும் ஒன்றாகத் தெரியும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு நேரம் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்து, காவலரின் ஆறு வரிக்கும் என் அறிக்கைக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு என்று கேட்டார்கள். காவலர் தம் கையெழுத்தில் அடியில் எழுதியிருந்த வரியைக் காட்டினேன். அவர் அங்கே தனியாக நின்று விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரவில்லை.

அங்கே என்னிடம் கேட்டுப் பதிவுசெய்த வாக்குமூலத்தில் என் கையொப்பம் வாங்கவில்லை. காவல் அதிகாரி விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையொப்பமிடுவதில்லை என்பது சட்டம். ஆனால் என் அறிக்கை என் கையொப்பத்தோடு, சம்பவம் நடந்த இரவே எழுதப்பட்டது. வழக்காகி ஆண்டுகள் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறினாலும், சம்பவத்தையொட்டி நாமே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கும். அப்போது நமக்கு உதவப் போவது அதில் உள்ள நேரமும் இடமும் யார் சொன்னது என்பதும்தான். ‘அட்டகாசம்’ என்ற சொல்லைப் படித்து எதை நினைவுகூர முடியும்?

விஷயம் வழக்காகவில்லை. இரு தரப்பும் பதிவைப் பார்த்த பிறகு, 204-அ கைவைத்ததையும் 207-அ கைப்பேசியைத் தட்டிவிட்டதையும் மறுக்க வழியின்றி, நிலையத்திலேயே சமாதானமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவச் செலவு ஒருவருக்கும் கைப்பேசித் திரைச் செலவு மற்றவருக்கும் ஈடாகிவிட்டது. குழாய்ப் பெட்டிக் கண்ணாடியைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்லும் இல்லை.

என் மனத்தில் கருத்துகளே இல்லாமல் இல்லை. தூண் மறைக்கும் இடத்தில் கேமரா வைத்தது தவறு, இரவு பன்னிரண்டு மணிக்குச் சத்தம் பற்றிப் புகார் வந்தால் தொலைபேசியில் சொல்வதோடு நிற்காமல் ஆள் போக வேண்டும், குழாய்ப் பெட்டிக்கு உடையும் கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் போடலாம் என்பவையெல்லாம் என் எண்ணங்கள். அவற்றைத் தனிக் கடிதமாக, வேறு தேதியிட்டு, நிர்வாகிக்கு எழுதினேன். அறிக்கையில் அவற்றைச் சேர்த்திருந்தால், விடுதியின் குறையை விடுதியின் ஆளே ஒப்புக்கொண்டதாக இரு தரப்பும் அதைத்தான் முதலில் பிடித்திருப்பார்கள். கேமராவை இடம் மாற்றினார்கள். டிவிஆரை இணையத்தோடு இணைத்து நேரத்தைத் தானாகச் சரிசெய்யும்படி வைத்த பிறகும், திங்கட்கிழமை காலையில் கைப்பேசியோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். காவலர் அண்ணன்தான் அதை எழுதுகிறார், ஒரு வாரமும் விடாமல். 4,200 ரூபாயைத் திருப்பித் தருமாறு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில், சமாதானத் தாளின் நகலையும் என் அறிக்கையின் 12.50-ஆம் வரியையும் இணைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.